ரூட் ஒதுக்கீடு: அஞ்சு கோடு வந்துடுச்சு, ஆனா அஞ்சு பூஜ்ஜியம் கிடைக்கல. எங்கே தப்பு?

சரக்குக்கணக்கு

எல்லாருக்கும் வணக்கம். டெலிவரி வண்டிகளுக்குக் காலையில் ரூட் பிரித்துக் கொடுப்பது என் வேலை. ஐந்து டிரைவர், ஐந்து ரூட், ஆளுக்கு ஒன்று. யார் எந்த ரூட்டில் போனால் எவ்வளவு செலவு என்று கடந்த சில வாரக் கணக்கிலிருந்து சராசரி எடுத்து அட்டவணை போட்டேன். டிரைவர்கள் க, ச, த, ப, ம. ரூட்டுகள் 1 முதல் 5.

```
      1   2   3   4   5
க    22  25  29  21  24
ச    24  18  22  18  22
த    28  30  26  24  29
ப    25  22  27  23  20
ம    24  20  23  22  17
```

கல்லூரியில் படித்த ஹங்கேரியன் முறையைத் தூசி தட்டி எடுத்தேன். ஒவ்வொரு நிரையிலும் சிறிய எண்ணைக் கழித்தேன் (21, 18, 24, 20, 17). பிறகு ஒவ்வொரு நிரலிலும் சிறியதைக் கழித்தேன் (1, 0, 2, 0, 0). வந்தது இது:

```
      1   2   3   4   5
க     0   4   6   0   3
ச     5   0   2   0   4
த     3   6   0   0   5
ப     4   2   5   3   0
ம     6   3   4   5   0
```

அடுத்து எல்லாப் பூஜ்ஜியத்தையும் மூடுவதற்குக் கோடு. அதிகப் பூஜ்ஜியம் இருக்கும் இடத்தில் முதலில் போடு என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். 4ஆம் நிரலில் மூன்று இருந்ததால் அங்கே முதல் கோடு. 5ஆம் நிரலில் இரண்டு, அங்கே அடுத்தது. மிச்சம் க-1, ச-2, த-3, அவற்றுக்குத் தனித்தனியாக மூன்று. மொத்தம் ஐந்து கோடு, அட்டவணையும் ஐந்துக்கு ஐந்து. முடிந்தது என்று நினைத்தேன்.

ஆனால் ஐந்து பேருக்கும் பூஜ்ஜியம் கொடுக்க முடியவில்லை. ப, ம இருவருக்குமே 5ஆம் ரூட்டில்தான் பூஜ்ஜியம். ம-வுக்கு 5 கொடுத்துவிட்டு, ப-வுக்கு மீந்துபோன 4ஆம் ரூட்டைக் கொடுத்தேன். மொத்தம் 106.

எங்கள் சீனியர் ஒருவர் அட்டவணையைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு க-1, ச-4, த-3, ப-2, ம-5 என்றார். கூட்டிப் பார்த்தேன், 105. அவர் எந்த முறையும் படித்தவர் இல்லை. "குறைந்தபட்சச் செலவு" என்று நான் எழுதிக் காட்டிய தாள் தப்பு என்றால் எந்தப் படியில் தப்பு? இரண்டு நாளாக மண்டை குடைகிறது.

---

எளியவழி

கழித்தல் எல்லாம் சரியாத்தான் இருக்கு சார், நான் சரிபார்த்துட்டேன். நீங்க நிரையிலிருந்து ஆரம்பிச்சதுதான் பிரச்சினை. நான் நிரலிலிருந்து ஆரம்பிச்சேன் (22, 18, 22, 18, 17), அப்புறம் நிரை (0, 0, 4, 3, 0):

```
      1   2   3   4   5
க     0   7   7   3   7
ச     2   0   0   0   5
த     2   8   0   2   8
ப     0   1   2   2   0
ம     2   2   1   4   0
```

ச நிரைக்கு ஒரு கோடு, 1ஆம் நிரல், 5ஆம் நிரல், த நிரை. நாலே கோடு. அதாவது இன்னும் முடியல. கோடு படாத எண்களில் சிறியது 1, அதைக் கழிச்சதும் உங்க சீனியர் சொன்ன அதே 105 வந்துடுச்சு. எப்பவும் நிரலில் ஆரம்பிங்க, இந்தச் சிக்கலே வராது.

---

நிரைநிரல்

எளியவழி, உங்கள் விடை சரி. சொன்ன காரணம்தான் சரியில்லை. நிரையில் தொடங்கினாலும் நிரலில் தொடங்கினாலும் முறை ஒரே இடத்தில்தான் போய் நிற்க வேண்டும். உங்கள் அட்டவணையில் ச நிரைக்குக் கோடு போட்டதும் 1ஆம் நிரல், 5ஆம் நிரல், ப நிரை மூன்றிலும் இரண்டிரண்டு பூஜ்ஜியம். நீங்கள் நிரல்களைத் தேர்ந்தெடுத்தீர்கள். ப நிரையில் போட்டிருந்தால் க-1, ம-5, த-3 மூன்றும் தனித்தனியாக மிஞ்சி, உங்களுக்கும் ஐந்து கோடு வந்திருக்கும். நீங்களும் சரக்குக்கணக்கு சார் மாதிரியே முடிந்தது என்று நினைத்து மாட்டியிருப்பீர்கள்.

தப்பு கோட்டில்தான் இருக்கிறது. "ஐந்து கோடு வந்தால் முடிந்தது" என்பது அரை வாக்கியம். ஐந்தைவிடக் குறைந்த கோடுகளால் எல்லாப் பூஜ்ஜியத்தையும் மூட முடியாது என்றால்தான் முடிந்தது. சாருடைய அட்டவணையில் முடியும். க, ச, த ஆகிய மூன்று நிரைகளுக்கு மூன்று கோடு, 5ஆம் நிரலுக்கு ஒன்று. பாருங்கள், ஒரு பூஜ்ஜியம்கூட வெளியே இல்லை. நாலு கோடு.

அதிகப் பூஜ்ஜியம் இருக்கும் இடத்தில் முதலில் போடுவது ஊகம்தான். பெரும்பாலும் கைகொடுக்கும். இங்கே 4ஆம் நிரலின் மூன்று பூஜ்ஜியங்கள் ஆசைகாட்டிவிட்டன. அந்த மூன்றும் க, ச, த நிரைகளில் இருக்கின்றன. அந்த நிரைகளுக்கு எப்படியும் ஒவ்வொரு கோடு வேண்டும், ஏனென்றால் அங்கே வேறு பூஜ்ஜியங்களும் உண்டு. ஆகவே 4ஆம் நிரலுக்குப் போட்ட கோடு வீண்.

---

சரக்குக்கணக்கு

நாலு கோடு சரியாக இருக்கிறது. பார்த்ததும் வெட்கமாகவும் நிம்மதியாகவும் இருந்தது. ஆனால் நீங்கள் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிகிறது. நாளைக்கு வேறு அட்டவணை வந்தால், இதற்கு மேல் குறைக்க முடியாது என்று நான் எப்படி அறிவது? கண்ணால் தேடிக்கொண்டே இருக்க வேண்டுமா?

---

நிரைநிரல்

தேட வேண்டாம். கோடு போடுவதற்கு முன்னால் ஆளை ஒதுக்கிப் பாருங்கள். பூஜ்ஜியங்களில் எத்தனை பேருக்கு முடியுமோ அத்தனை பேருக்குக் கொடுங்கள்: க-1, ச-2, த-3, ம-5. ப மட்டும் ரூட் இல்லாமல் நிற்கிறார்.

இப்போது ப-விடமிருந்து நடங்கள். அவருக்குப் பூஜ்ஜியம் இருக்கும் ரூட் எது? 5 மட்டும். அதை யார் வைத்திருக்கிறார்? ம. ம அதை விட்டுக்கொடுத்தால் அவருக்கு வேறு பூஜ்ஜியம் உண்டா? இல்லை. நடை அங்கேயே நின்றுவிட்டது. நீங்கள் தொட்ட ஆட்கள் ப, ம. தொட்ட ரூட் 5.

கோடு போடும் விதி இதுதான்: தொட்ட நிரல்களுக்கும் தொடாத நிரைகளுக்கும் கோடு. அதாவது 5ஆம் நிரல், அப்புறம் க, ச, த நிரைகள். எத்தனை பேருக்குப் பூஜ்ஜியம் கொடுக்க முடிந்ததோ, சரியாக அத்தனை கோடுதான் வரும், அதைவிடக் குறைக்கவும் முடியாது. நடந்துபோகும்போது யாரும் வைத்திராத ஒரு ரூட்டில் போய் முட்டினால் இன்னும் நல்லது. வந்த வழியே ஒவ்வொருவரையும் ஒரு ரூட் தள்ளி மாற்றினால் கூடுதலாக ஒரு ஆளுக்கு இடம் கிடைத்துவிடும்.

இனி மிச்சப் படி. கோடு படாதவை ப நிரையில் 4, 2, 5, 3. ம நிரையில் 6, 3, 4, 5. சிறியது 2. அதைக் கழியுங்கள். இரண்டு கோடு வெட்டும் இடங்களில், அதாவது க-5, ச-5, த-5 ஆகியவற்றில், 2 கூட்டுங்கள்.

```
      1   2   3   4   5
க     0   4   6   0   5
ச     5   0   2   0   6
த     3   6   0   0   7
ப     2   0   3   1   0
ம     4   1   2   3   0
```

ம-வுக்கு 5 மட்டும்தான். அதனால் ப-வுக்கு 2. அதனால் ச 2-ஐ விட்டு 4-க்குப் போகிறார், அவருக்கு அங்கேயும் பூஜ்ஜியம் என்பதால் செலவு கூடவில்லை. க-1, த-3. உங்கள் சீனியரின் பட்டியல் அப்படியே வந்துவிட்டது.

---

கணக்குடீச்சர்

நிரைநிரல் சொன்ன அந்த "2"-க்கு என்ன அர்த்தம் என்று ஒரு வார்த்தை சேர்க்கிறேன் தம்பி. பிள்ளைகள் அதை மந்திரம் மாதிரி மனப்பாடம் செய்துவிட்டு, வெட்டும் இடத்தில் கூட்ட மறந்துவிடுகிறார்கள்.

முதலில் கழித்த எண்களைக் கூட்டிப் பாருங்கள். நிரைகளில் 21 + 18 + 24 + 20 + 17 = 100. நிரல்களில் 3. ஆக 103. எந்த ஒதுக்கீடாக இருந்தாலும் ஒவ்வொரு நிரையிலும் ஒன்று, ஒவ்வொரு நிரலிலும் ஒன்று என்று எடுக்கிறோம். அதனால் இந்த 103 எல்லா ஒதுக்கீட்டிலும் ஒளிந்திருக்கிறது. கழித்த பிறகு மிஞ்சிய எண்கள் எதுவும் மைனஸ் இல்லை. ஆகவே 103-க்குக் கீழே யாராலும் போக முடியாது.

ஆனால் 103-ஐ எட்டவும் முடியாது. ப, ம இருவரும் ஒரே ரூட்டைக் கேட்கிறார்கள். ஒருவர் விலகித்தான் ஆக வேண்டும். விலகுவதற்குக் குறைந்தபட்சம் ஆகும் கூடுதல் செலவுதான் அந்த 2. ப, ம இரண்டு நிரையிலும் 2 கழித்து, 5ஆம் நிரல் முழுக்க 2 கூட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். ப-5, ம-5 இரண்டிலும் கழித்ததும் கூட்டியதும் சமன். க-5, ச-5, த-5-இல் கூட்டியது மட்டும் நிற்கிறது. வெட்டும் இடத்தில் ஏன் கூட்டுகிறோம் என்பதற்கு இதுதான் காரணம். கழித்தது நாலு, கூட்டியது இரண்டு, நிகரம் இரண்டு. 103 என்ற அடித்தளம் 105 ஆகிறது. சீனியர் சொன்ன ஒதுக்கீடும் 105. இரண்டும் தொட்டுக்கொண்டதால் இதற்குக் கீழே ஒன்றுமில்லை என்று உறுதி.

சரக்குக்கணக்கு சார், உங்கள் தாளிலேயே இந்தச் சோதனை செய்திருக்கலாம். கழித்தவை 103, நீங்கள் எழுதிய மொத்தம் 106. இரண்டும் ஒன்றாக இல்லாதவரை "குறைந்தபட்சம்" என்று எழுதக் கூடாது.

ஹெரால்ட் குன் 1955இல் இந்த முறையை வெளியிட்டபோது, கோனிக், எகர்வாரி என்ற இரண்டு ஹங்கேரியர்களின் வேலையில் நிற்கிறது என்பதால்தான் அப்படிப் பெயர் வைத்தார். கோடுகளின் குறைந்தபட்ச எண்ணிக்கையும் பூஜ்ஜியம் கொடுக்க முடிந்த ஆட்களின் எண்ணிக்கையும் ஒன்று என்பது கோனிக்குடையது.

---

பாதைதேடி

எனக்கு ஒரு சந்தேகம். ஒரு ரூட்டுக்குள்ளே எந்த வீட்டுக்கு முதலில், எந்த வீட்டுக்கு அடுத்து என்று மாற்றினாலே செலவு குறையுமே? பக்கத்தில் இருப்பதற்கு முதலில் போ என்று வைத்தாலே நிறைய மிச்சம். இந்த அட்டவணையில் அது எங்கே வருகிறது?

---

நிரைநிரல்

வராது. நீங்கள் கேட்பது வேறு கணக்கு, அது இதைவிட ரொம்பக் கடினமானது. இங்கே ரூட் ஏற்கெனவே வகுக்கப்பட்டுவிட்டது. க என்ற டிரைவர் 1ஆம் ரூட்டை ஓட்டினால் 22 என்ற எண்ணுக்குள் நிறுத்தங்களின் வரிசை அடங்கிவிட்டது. வரிசையை மாற்றினால் அந்த 22 மாறலாம், அப்போது அட்டவணையைத் திருத்திவிட்டு மறுபடி போட வேண்டியதுதான். ஒரே டிரைவர் இரண்டு ரூட் ஓட்டுவதும் இந்த முறைக்குள் நேரடியாக வராது.

---

இரவுவண்டி

எங்க கதையையும் சொல்லிடறேன் அண்ணா, உதவியா இருக்கும். எங்ககிட்ட ஆறு டிரைவர், அஞ்சு ரூட். ஒருத்தர் லீவுல இருக்கலாம். அதுல ஒரு அண்ணனுக்குக் கனரக லைசென்ஸ் இல்ல, பெரிய வண்டி போற ரூட்டை அவருக்குக் கொடுக்கவே கூடாது. நான் அந்தக் கட்டத்தைக் காலியா விட்டேன். விரிதாள் அதை பூஜ்ஜியமா எடுத்துக்கிச்சு. கணக்கு நேரா அவரைத்தான் அந்த ரூட்டுக்கு அனுப்புச்சு! காலையில வண்டி எடுக்கப் போனப்பதான் தெரிஞ்சது. வண்டி ஒன்றரை மணி நேரம் நின்னுச்சு, அந்த ரூட்ல காத்திருந்தவங்ககிட்ட நான்தான் போன் பண்ணி மன்னிப்புக் கேட்டேன். இதை எப்படிப் போடணும்?

---

நிரைநிரல்

காலிக் கட்டம் இந்த முறையில் ஆபத்தானது. செலவே இல்லை என்று அர்த்தமாகிவிடும். போகக் கூடாத கட்டத்தில் 999 மாதிரி பெரிய எண் போடுங்கள். சும்மா கொஞ்சம் அதிகமாக, 35 என்று போட்டால் போதாது. மற்ற நாலு பேரிடம் மிச்சமாகும் என்றால் முறை அந்த 35-ஐயும் ஏற்றுக்கொள்ளும். அட்டவணையில் பெரிய எண் 30, ஐந்து ரூட் என்றால் மொத்தம் 150-ஐத் தாண்டாது. அதைவிடப் பெரிதாக இருந்தால் போதும். கடைசி விடையில் 999 இருக்கும் கட்டம் வந்தால், அன்றைக்கு யாரையும் விதிமீறாமல் அனுப்ப வழியே இல்லை என்று பொருள்.

ஆறாவது டிரைவருக்கு "வேலை இல்லை" என்று ஆறாவது நிரல் சேர்த்து எல்லாருக்கும் 0 போடுங்கள். அந்த 0 வந்ததும் எல்லா நிரையிலும் சிறிய எண் 0 ஆகிவிடும், நிரைக் கழித்தலால் ஒன்றும் நடக்காது. நேராக நிரலுக்குப் போய்விடுங்கள். எளியவழி சொன்ன "நிரலில் ஆரம்பி" என்ற யோசனை இங்கே உண்மையிலேயே பொருந்தும்.

---

கணக்குடீச்சர்

இரவுவண்டி தம்பி, லீவு நாளுக்கும் சம்பளம் உண்டு என்றால் அந்த நிரலில் 0 போடாதீர்கள், அந்தச் சம்பளத்தைப் போடுங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். ஆட்களும் ரூட்டும் சமமாக இருக்கும்போது, ஒரு டிரைவருடைய நிரை முழுக்க 10 கூடினாலும் ஒதுக்கீடு மாறாது, அவர் எப்படியும் ஒரு ரூட் ஓட்டுகிறார். சார் அட்டவணையில் த-வின் எண்கள் எல்லாமே பெரியவை, அதனால் அவருக்கு நஷ்டமும் இல்லை, லாபமும் இல்லை. ஆள் ஒருவர் கூடுதலாக இருந்தால் அப்படி இல்லை. முதலில் வீட்டில் உட்காருவது த மாதிரி ஒருவராகத்தான் இருக்கும்.

---

எளியவழி

டீச்சர், நிரைநிரல், இரண்டு பேருக்கும் நன்றி. நான் ப நிரையில் கோடு போட்டுப் பார்த்தேன், ஐந்து வந்தது. நான் தற்செயலாகத்தான் தப்பித்திருக்கிறேன். கூட ஒன்று, கையால் போட்டதைச் சரிபார்க்க நான் இதை ஓட்டினேன்:

```python
import numpy as np
from scipy.optimize import linear_sum_assignment
M = np.array([[22,25,29,21,24],
              [24,18,22,18,22],
              [28,30,26,24,29],
              [25,22,27,23,20],
              [24,20,23,22,17]])
r, c = linear_sum_assignment(M)
print(c + 1, M[r, c].sum())
```

`[1 4 3 2 5] 105` என்று வருகிறது. ஆறு பேர், ஐந்து ரூட் என்று சமமில்லாத அட்டவணையையும் இது அப்படியே எடுத்துக்கொள்கிறது.

---

சரக்குக்கணக்கு

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. ப-விடமிருந்து நடந்து பார்க்கும் அந்த முறையை நேற்று வேறு இரண்டு நாள் அட்டவணைகளில் செய்து பார்த்தேன். கழித்ததன் கூட்டுத்தொகையும் ஒதுக்கீட்டின் மொத்தமும் இரண்டு தடவையும் பொருந்தியது.

ஒரு கவலை மட்டும் பாக்கி. ப 2ஆம் ரூட்டில் ஓட்டினால் 22 என்று நான் போட்டது சராசரிதான். பழைய தாள்களைப் புரட்டினேன். சில நாள் 21, சில நாள் 24. என் 106-க்கும் சீனியரின் 105-க்கும் வித்தியாசம் 1. அந்த ஒன்றுக்காக நான் இத்தனை நம்பிக்கையோடு பேசலாமா?

---

நிரைநிரல்

நியாயமான கேள்வி. கடைசி அட்டவணையில் 1 என்று மிஞ்சியிருக்கும் கட்டங்கள் இரண்டு: ப-4, ம-2. ப-வை 4-க்கு அனுப்பி ச-வை 2-லேயே விட்டால் 106, அதுதான் உங்கள் பழைய தாள். ம-வை 2-க்கு அனுப்பி ப-வுக்கு 5 கொடுத்தாலும் 106. ஆக 1 வித்தியாசத்துக்குள் மூன்று ஒதுக்கீடுகள் இருக்கின்றன. ப-2 23 ஆனால் மூன்றும் சமமாகிவிடும், 24 ஆனால் உங்கள் பழைய தாளும் ம-2 ஒதுக்கீடும் சமமாக ஜெயிக்கும். க-1, த-3 இரண்டும் மூன்றிலும் மாறவில்லை, அவற்றை நம்பி வைக்கலாம். ச, ப, ம மூவருக்குள் எப்படிப் பிரிப்பது என்பதை இந்த எண்களை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன்.

---

இரவுவண்டி

அப்படின்னா அந்த மூணு ஒதுக்கீட்டையும் மாத்தி மாத்திப் போடலாமே அண்ணா? ம-வுக்கே தினமும் ஈசியான 5ஆம் ரூட் போனா ப-வுக்கு மனசு கஷ்டமா இருக்காதா? எங்ககிட்ட இதுக்குத்தான் சண்டை வரும்.

---

கணக்குடீச்சர்

மாற்றலாம் தம்பி, ஒரு நாளைக்கு 1 கூடும் என்று தெரிந்தே மாற்றலாம். ஆனால் க-வுக்கும் த-வுக்கும் அந்த வழி இல்லை. க-வை 1-இலிருந்தோ த-வை 3-இலிருந்தோ நகர்த்தினால் மொத்தம் 107-க்குக் கீழே வராது. அந்தக் கூடுதலை நிறுவனம் ஏற்குமா என்பது அட்டவணையில் இல்லாத விஷயம்.

---

சரக்குக்கணக்கு

த-விடம் இன்று கேட்டேன். 3ஆம் ரூட் அவருக்குப் பழகிவிட்டது, பிரச்சினை இல்லை என்றார். ப-விடம் இன்னும் கேட்கவில்லை. அடுத்த பதினைந்து நாளைக்கு ப-2, ப-4, ம-2 மூன்று கட்டங்களுக்கும் தினமும் தனியாக எண் எழுதி வைக்கிறேன், பிறகு இங்கே போடுகிறேன்.